நாவுக்குத் தெரிவது ஐந்து, மூக்குக்குத் தெரிவது மீதி எல்லாம்

வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "சாப்பாடு ருசிக்கவே இல்லை." நோயாளி இதைச் சொன்னதும் உடனிருப்பவர் முதலில் செய்வது உப்பைக் கூட்டுவது, அடுத்து மிளகாயைக் கூட்டுவது. இவ்விரண்டுமே சில நோயாளிகளுக்குத் தீங்காக முடிகின்றன. ருசி குறைந்ததற்குக் காரணம் நாக்கா, மூக்கா என்று அறியாமல் கைவைத்தியம் செய்வதே இதற்குக் காரணம்.

உணவியல் படிக்கும் மாணவர்களுக்குப் புலனறி தேர்வுத்தாளில் வழக்கமாக வரும் வினா ஒன்று உண்டு. அடிப்படைச் சுவைகள் எவை, உமாமி என்பது யாது, மணம் எவ்வாறு உணரப்படுகிறது என்று விளக்குமாறு அது கேட்கும். மாணவருக்கு அது சில மதிப்பெண்களுக்கான வினா. வீட்டில் நோயாளியைப் பேணுபவருக்கோ நாள்தோறும் மூன்று வேளை எதிர்ப்படும் வினா. ஆதலால் அதற்கான விடையை இவ்விதழில் உங்களுக்காக எழுதுகிறோம்.

ஒரு வீட்டில் நடப்பது

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அறுபது வயதான குடும்பத் தலைவர். பல ஆண்டுகள் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். மூன்று வாரங்களுக்கு முன் சளிக் காய்ச்சல் வந்து குணமாகிவிட்டது. அன்று முதல், "ரசத்தில் ஒன்றுமே இல்லை, உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்கிறார். மனைவி இலையோரம் உப்பு வைக்கிறார். அவர் வேளைக்குக் கால் தேக்கரண்டி வீதம் போட்டுக் கலந்துகொள்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புப் போதும் என்கிறது; சமையலில் சேர்வது, அப்பளம், ஊறுகாய், காராச்சேவு அனைத்தும் அதனுள் அடக்கம். இலையோரம் வைக்கும் உப்பு மட்டுமே மூன்று வேளைக்கு முக்கால் தேக்கரண்டி, அதாவது சற்றேறக்குறைய 4 கிராம் ஆகிறது. மாத்திரை குறைக்கும் இரத்தக் கொதிப்பை இந்த உப்பு மீண்டும் ஏற்றிவிடக்கூடும். இத்தனைக்கும் அவருக்கு ருசி திரும்பவில்லை. திரும்பாததற்குக் காரணம், அவர் இழந்தது உப்புச் சுவையே அன்று.

நாக்கு அறிபவை

நாம் அறுசுவை என்று சொல்லி வளர்ந்தவர்கள்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இன்றைய உடலியல் இவற்றுள் முதல் நான்கையும் அப்படியே ஏற்கிறது. நாவிலுள்ள சுவை மொட்டுகளில் அவை ஒவ்வொன்றுக்கும் தனி உணர்விகள் இருக்கின்றன. கார்ப்பும் துவர்ப்பும் மெய்யான உணர்வுகளே. ஆயினும் அவை சுவை மொட்டுகளின் வழியாக வருவனவல்ல.

மிளகாயின் கார்ப்பு, வெப்பத்தையும் வலியையும் அறியும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினை எந்த உணர்வி பற்றிக்கொள்கிறது என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டறிந்தது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. சூடான பொருள் பட்டாலும் அதே உணர்விதான் செயற்படுகிறது. மிளகாயைக் கடித்தால் வாய் "எரிகிறது" என்று நாம் சொல்வது அவ்வகையில் மிகச் சரியான சொல். துவர்ப்போ ஒரு தொடு உணர்வு. வாழைப்பூ, நெல்லிக்காய், கடுந்தேநீர் ஆகியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் வாயின் வழவழப்புக் குறைந்து, நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுகிறது.

நாவின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பு, அடியில் கசப்பு என்று வரைந்த படத்தைப் பள்ளி நூல்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1901-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிற்காலத்தார் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம். சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் உணரப்படுகின்றன. நாவின் ஒரு பகுதியில் புண் இருந்தாலும் ஏதேனும் ஒரு சுவை மட்டும் அடியோடு மறைந்துபோவதில்லை.

ஐந்தாவதான உமாமி

நால்வகைச் சுவைகளோடு ஐந்தாவதாகச் சேர்ந்தது உமாமி. 1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிக்குனே இக்கேடா, கோம்பு என்னும் கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றில் இந்நான்கிலும் அடங்காத ஒரு சுவை இருப்பதைக் கருதி, அதற்குரிய பொருளைப் பிரித்தெடுத்தார். அது குளூட்டமிக் அமிலம். ஜப்பானிய மொழியில் ருசியானது என்று பொருள்படும் சொல்லிலிருந்து அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மேலை நாட்டு அறிஞர் பலர் இதை நெடுங்காலம் தனிச் சுவையாக ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி நாவில் அதற்கான உணர்விகள் கண்டறியப்பட்ட பின்னரே ஐயம் நீங்கியது.

பெயர் புதிது, சுவை நமக்குப் பழையது. தாய்ப்பாலில் தனித்திருக்கும் அமினோ அமிலங்களுள் மிகுதியாக இருப்பது குளூட்டமேட்டே. நன்கு பழுத்த தக்காளியிலும் காளானிலும் அது நிறைய உண்டு. வாயில் நீர் ஊறச் செய்வதும், விழுங்கிய பின்னும் நாவில் நெடுநேரம் தங்குவதும், சாறு "கெட்டியாக" இருப்பதுபோல் தோன்றச் செய்வதும் அதன் இயல்புகள்.

உமாமியில் ஒரு தனித்தன்மை உண்டு. குளூட்டமேட்டோடு இறைச்சியிலும் மீனிலும் உள்ள இனோசினேட் என்ற பொருளோ, உலர்ந்த காளானில் உள்ள குவானிலேட் என்ற பொருளோ சேர்ந்தால், சுவை கூடுவதோடு நில்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவை நினைத்துப் பாருங்கள். தக்காளியும் வெங்காயமும் ஒருபுறம், ஆட்டெலும்போ கோழியோ மறுபுறம். நெத்திலிக் கருவாட்டைத் தக்காளியோடு சேர்த்துக் குழம்பு வைப்பதிலும் இதே சேர்க்கைதான். வேதியியல் பெயர் அறியாமலே நம் சமையற்காரர்கள் இந்தப் பெருக்கத்தைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

மணம் எவ்வழியே வருகிறது?

ஐந்து சுவைகள் மட்டுமே நாவுக்குத் தெரியும் என்றால், ரசத்தையும் சாம்பாரையும் எப்படி வேறுபடுத்துகிறோம்? இரண்டிலும் புளிப்பு, உவர்ப்பு, சற்றே உமாமி ஆகியவைதாம் இருக்கின்றன. வேறுபாட்டை உணர்த்துவது மணம்.

மணம் மூக்கை இருவழிகளில் அடைகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது முன்புறமாக வருவது ஒன்று. உணவை மென்று விழுங்கும்போது வாயின் பின்புறமாக, தொண்டைக்கு மேலே ஏறி, மூச்சு வெளியேறும்போது மூக்குக்குள் செல்வது மற்றொன்று. இந்தப் பின்வழி மணத்தை மூளை வாயிலிருந்து வருவதாகவே கணக்கிடுகிறது. ஆகையால் மணம் குறைந்தவர் "மோப்பம் இல்லை" என்று சொல்வதில்லை. "நாக்கு செத்துவிட்டது" என்றே சொல்கிறார். மேற்சொன்ன வீட்டில் நடந்த பிழையின் வேர் இதுவே.

இதை ஒரு நொடியில் மெய்ப்பித்துக்கொள்ளலாம். மூக்கை இறுக்கிப் பிடித்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் ஒரு சிறு துண்டை வாயிலிட்டு மெல்லுங்கள். இனிப்பும் மென்மையும் தெரியும். பால்கோவாவா, வேறு இனிப்பா என்று சொல்ல இயலாது. பிடியை விட்டு மூச்சை வெளிவிட்டவுடன் சுண்டக் காய்ந்த பாலின் மணம் வாயெல்லாம் பரவுவதுபோல் தோன்றும். சர்க்கரை நோயாளிகள் இதற்குச் சில சோம்பு விதைகளைப் பயன்படுத்தலாம்.

மூக்கின் மேற்கூரையில் சிறியதொரு பரப்பில் மோப்ப நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 400 வகை உணர்விகள் உள்ளன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் கண்டறிந்தனர்; 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு மணத்துக்கு ஓர் உணர்வி என்ற கணக்கில்லை. பல உணர்விகள் வெவ்வேறு அளவில் தூண்டப்படும் கோலத்தையே மூளை சீரகம் என்றும் பெருங்காயம் என்றும் படித்தறிகிறது.

நாவிலிருந்து சுவைச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்ல இருபுறமும் மூன்று மூன்று நரம்புகள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றவை பணிசெய்யும். ஆதலால் சுவை முற்றிலும் போவது அரிது. மோப்ப நரம்பின் மெல்லிய இழைகளோ மூக்குக்கு மேலுள்ள எலும்பின் சிறு துளைகள் வழியே செல்கின்றன. சளி அடைப்பும் வைரஸ் காய்ச்சலும் மோப்பப் பரப்பை எளிதில் பாதிக்கின்றன. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் அவ்விழைகள் அறுபடவும் கூடும். ஆகவே "ருசி இல்லை" என்று ஒருவர் சொன்னால் முதலில் ஐயுற வேண்டியது மூக்கையே.

வீட்டிலேயே பிரித்தறியும் முறை

நம் சாத்தூர் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அம்மையார் செய்யக்கூடிய சோதனை இது. நான்கு குவளைகளில் தலா 100 மில்லி தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒன்றில் கால் தேக்கரண்டி உப்பு, ஒன்றில் அரை மூடி எலுமிச்சைச் சாறு கலக்க வேண்டும். நான்காவதில் வெந்தயத்தை இரவே ஊறவைக்கலாம். நோயாளி கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையே வெறும் நீரால் வாயைக் கழுவ வேண்டும். வயதானவர்களுக்குக் கசப்பும் புளிப்பும் சற்றே குழம்புவது இயல்பு. அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

பிறகு மூக்கு. கண்ணை மூடியபடியே காப்பிப் பொடி, பெருங்காயம், ரோஜா மலர் ஆகியவற்றை ஒரு நாசியை அடைத்து மறு நாசியால் முகரச் செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. தலைவலித் தைலத்தையும் கற்பூரத்தையும் கொண்டு சோதிக்கக் கூடாது. அவற்றின் குளிர்ச்சியையும் நெடியையும் அறிவது முகத்தின் தொடு நரம்பு. மோப்பமே இல்லாதவரும் "தெரிகிறது" என்று சொல்லிவிடுவார், பழுது மறைந்துபோகும்.

நம் எடுத்துக்காட்டில் அவர் நான்கு நீரையும் சரியாகச் சொல்லிவிடுகிறார். காப்பிப் பொடியும் பெருங்காயமும் தெரியவில்லை. அவர் நாக்கு நலமாக இருக்கிறது. காய்ச்சலுக்குப் பின் மோப்பமே குறைந்திருக்கிறது. ரசத்தின் மணம் போனதால் எல்லாமே போனதாகத் தோன்றியது. எத்தனை உப்பு வைத்தாலும் பெருங்காயம் ஆகாது.

மாறாக, உப்பு நீரும் சர்க்கரை நீரும் தெரியாமல் போனாலோ, எப்போதும் வாயில் உலோகம்போல் ஒரு சுவை இருந்தாலோ, வேறு காரணம் தேட வேண்டும். மெட்ரோனிடசோல் போன்ற சில மருந்துகள், புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு, வாய் வறட்சி, வாயில் பூஞ்சைத் தொற்று ஆகியவை நாவைப் பாதிக்கும். மாத்திரைச் சீட்டுகளை எடுத்துவந்து காட்டுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

சமையலில் செய்யத்தக்கவை

மோப்பம் சற்றேனும் எஞ்சியிருந்தால், இருக்கும் மணத்தைக் காப்பது முதல் வேலை. மணப்பொருள்கள் ஆவியாகிப் போவன. ரசம் நுரைகூடி வரும்போதே இறக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தளதளவென்று கொதித்தால் அடுப்பங்கரை மணக்கும், ரசம் மணக்காது. தாளிப்பையும் மல்லித்தழையையும் கடைசியாகச் சேர்த்து உடனே மூடுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரும் உணவை நோயாளியின் எதிரில் திறந்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். ஆறிய உணவிலிருந்து மணம் எழுவது குறைவு. மெதுவாக மென்று, விழுங்கியதும் மூக்கின் வழியே மூச்சை வெளிவிடச் சொல்லுங்கள்.

மணம் அறவே இல்லாதவருக்கு, நலமாக இருக்கும் நாவைக் கொண்டு ஈடுசெய்யலாம். எலுமிச்சைப் புளிப்பும் தக்காளியின் உமாமியும் உப்பைக் கூட்டாமல் உணவை எடுப்பாக்கும். சைவ உணவினர் உலர்ந்த காளானைத் தக்காளியோடு சேர்க்கலாம். எம்.எஸ்.ஜி. எனப்படும் உமாமி உப்பில் சோடியம் ஏறத்தாழ 12 விழுக்காடு. சாப்பாட்டு உப்பில் 39 விழுக்காடு. ஆனாலும் அதிலும் சோடியம் இருப்பதால், உப்புக்கு மேல் அதையும் சேர்ப்பது பயன் தராது. உப்பைக் குறைத்து அந்த இடத்தில் சிறிதளவு சேர்த்தாலே பயன். சிறுநீரக நோயாளிகள் தக்காளியையும் காளானையும், மூட்டு வீக்கம் தரும் யூரிக் அமில நோயாளிகள் எலும்புச் சாற்றையும் நெத்திலியையும் எங்களைக் கேட்காமல் கூட்டக் கூடாது. கருவாட்டில் உமாமியோடு உப்பும் மிகுதி என்பதை இரத்தக் கொதிப்புள்ளோர் நினைவில் கொள்ள வேண்டும்.

மிளகாயைப் பற்றி ஒரு சொல். மணம் போனவருக்கும் காரம் தெரியும். ஆகவே அதையே கூட்டிக்கொண்டு போவார்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவரின் வாய்ப்புண்ணுக்கும், இரைப்பைப் புண் உள்ளவருக்கும் அது கேடு.

மோப்பத்தை மீட்கப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறைப்படி ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து விநாடி, அதன் மணத்தை நினைவுக்குக் கொண்டுவந்தபடி முகர்ந்து, 12 வாரங்கள் தொடர வேண்டும். மோப்ப நரம்பணுக்கள் புதிதாக வளரும் இயல்புடையவை. ஆயினும் மெதுவாகவே வளரும். பலருக்குப் பயன் தெரிகிறது. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை.

மூக்கு ஒரு காவலாளி

மோப்பம் போனவர் வீட்டில் ருசியைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருள் அதில் கலக்கப்படுகிறது. அந்த நாற்றம் எட்டாதவர் தனியே அடுப்பு மூட்டக் கூடாது. எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியை அடுப்படியில் பொருத்துவது நல்லது. ஊசிப்போன குழம்பையும் அவர் அறியார்; சமைத்த நேரத்தைப் பாத்திரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பட்டாசுத் தொழிலில் உள்ளோருக்கு இது இன்னும் முக்கியம். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது உள்ளுக்குள் வினைபுரிந்து சூடேறும். அப்போது அமோனியாவின் நெடி எழும். அந்த நெடியே, இடத்தை விட்டு விலகிப் போர்மேனிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. கடுமையான நெடியைத் தொடு நரம்பும் உணரும். இலேசான தொடக்க நெடியை மூக்கே உணர்த்தும். மோப்பம் குறைந்தவர் அந்த முதல் எச்சரிக்கையை இழந்துவிடுகிறார். மோப்பம் நலமாக உள்ளவருக்குங்கூட ஒரே நெடியில் நெடுநேரம் இருந்தால் அது தெரியாமல் போகும் என்பதால், மூக்கை மட்டுமே நம்புவது எவருக்கும் தகாது. காய்ச்சலுக்குப் பின் மோப்பம் போனவர் மருந்துக் கலவை வேலைக்குத் திரும்புமுன் மேற்பார்வையாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு பிரிவில் வேலை கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை.

எப்போது உடனே வர வேண்டும்?

தலையில் அடிபட்ட பின் மோப்பம் போனாலோ, மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகினாலோ, ஒரு நாசியில் மட்டும் அடைப்பும் இரத்தக் கசிவும் இருந்தாலோ, கை கால் தளர்ச்சியோடு சுவை மாறினாலோ காத்திருக்காமல் வாருங்கள். சளிக் காய்ச்சலுக்குப் பின் வந்த குறை நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். வரும்போது நான்கு நீர்ச் சோதனையின் விடைகளை ஒரு தாளில் எழுதிவாருங்கள். மருத்துவர் எங்கே தொடங்குவது என்பதை அத்தாளே சொல்லிவிடும். அதுவரை உப்புக் கிண்ணம் இலையோரம் வர வேண்டாம்.